தகட்டில் 660, கட்டரில் 550: ஒரு மோட்டர் பேஸுக்குப் போட்ட மில்லிங் கணக்கு

கொழும்பு கிராண்ட்பாஸில் உள்ள எங்கள் பட்டறைக்கு ஒரு தேங்காயெண்ணெய் ஆலையிலிருந்து மோட்டர் பேஸ் வேலை வந்தது. 16 மி.மீ. மைல்ட் ஸ்டீல் தகடு. மேல் முகத்தை 1 மி.மீ. எடுத்துச் சமப்படுத்த வேண்டும். பிறகு பெல்ட்டை இழுத்து இறுக்க வசதியாக 14 மி.மீ. அகலம், 60 மி.மீ. நீளத்தில் நான்கு நீள்துளைகள். எம்12 போல்ட் அதற்குள் முன்னும் பின்னும் ஓட வேண்டும். சாதாரண வேலைதான். ஆனால் இதற்குள் முகம் வெட்டுதல், முழு அகலத்தில் குழி வெட்டுதல், பக்கம் சீவுதல் என்று மூன்று விதமான வெட்டு இருக்கிறது. மூன்றுக்கும் கட்டரைச் சுற்றும் ஸ்பிண்டிலின் வேகத்தையும், டேபிள் நகரும் வேகமான ஃபீடையும் எப்படிக் கணக்கிட்டோம், மெஷினில் அது எப்படி மாறியது என்பதை எழுதி வைக்கிறேன்.

முதலில் மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கணக்கே அங்கேதான் தொடங்கியது. ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்த டரெட் மில்லிங் மெஷின் எங்களுடையது. பெல்ட்டைப் புல்லியில் படி மாற்றிப் போட்டால் வேகம் மாறும். தலையில் அறைந்திருக்கும் தகட்டில் எட்டு வேகங்கள் உண்டு: 80, 135, 210, 325, பிறகு 660, 1115, 1750, 2720. தகட்டின் ஓரத்தில் சின்ன எழுத்தில் 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்.

ஜப்பானில் இரண்டு அதிர்வெண்ணும் ஓடுகிறது. டோக்கியோ பக்கம் 50, ஒசாக்கா பக்கம் 60. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் டோக்கியோ ஜெர்மன் ஜெனரேட்டரையும், ஒசாக்கா அமெரிக்க ஜெனரேட்டரையும் வாங்கியதால் வந்த பிரிவு அது, இன்றுவரை மாறவில்லை. அதனால் அங்கிருந்து வரும் மெஷின் நாட்டின் எந்தப் பக்கத்துப் பட்டறையில் நின்றது என்பதைப் பொறுத்து அதன் வேகத் தகடு இருக்கும். மோட்டரோ இரண்டுக்கும் ஏற்றது. எங்கள் மோட்டர் தகட்டில் 50 ஹெர்ட்ஸுக்கு 1420, 60 ஹெர்ட்ஸுக்கு 1710 சுற்று என்று இரண்டும் அச்சிட்டிருக்கிறது. 1420-ஐ 1710-ஆல் வகுத்தால் 0.83. அதாவது தலையில் உள்ள ஒவ்வொரு எண்ணும் இங்கே ஆறில் ஐந்து பங்காகக் குறைகிறது. 660 என்றால் 550. 1115 என்றால் 930-க்குச் சற்றுக் கீழே. 325 என்றால் 271.

கணக்கு சொல்வதை அப்படியே நம்பாமல் அளந்தும் பார்த்தோம். புறக்கோட்டையில் விற்கும் கையடக்க ஒளி டாக்கோமீட்டர் போதும். ஸ்பிண்டில் மூக்கில் பளபளக்கும் ஒட்டுத்துண்டு ஒன்றை ஒட்டி ஓட விட்டோம். 660 படியில் 553 காட்டியது. பெல்ட் இறுக்கம், மோட்டரின் சுமை ஆகியவற்றால் வரும் சில சுற்று வித்தியாசத்தை விட்டுவிடலாம். இனி அந்தப் படியை நான் 550 என்றே சொல்கிறேன்.

இப்போது வெட்டு வேகம். கட்டர் புத்தகங்களில் வேகத்தை ஆர்பிஎம்மில் கொடுப்பதில்லை. நிமிடத்துக்கு இத்தனை மீட்டர் என்றுதான் இருக்கும். பல்லின் நுனி இரும்பின் மேல் எவ்வளவு விரைவாக உரசிப் போகிறது என்பதுதான் சூட்டைத் தீர்மானிக்கிறது. சூடுதான் நுனியைத் தின்கிறது. மைல்ட் ஸ்டீலை எச்எஸ்எஸ் எனப்படும் அதிவேக எஃகுக் கட்டரால் வெட்டும்போது 20 முதல் 30 மீட்டர் வரை வழக்கம். நடுவில் 25 என்று வைத்துக்கொண்டோம்.

12 மி.மீ. கட்டர் ஒரு சுற்றுச் சுற்றினால் அதன் நுனி 37.7 மி.மீ. தூரம் போகிறது. ஒரு மீட்டர் போக 26.5 சுற்று வேண்டும். 25 மீட்டருக்கு அதை 25-ஆல் பெருக்கினால் 663 சுற்று. சூத்திரம் இதையேதான் சொல்கிறது:

```
n  = 1000 × Vc / (π × D)
n  = 1000 × 25 / (3.1416 × 12) = 663
```

இதில் n சுற்று வேகம், Vc வெட்டு வேகம், D கட்டரின் விட்டம் மி.மீட்டரில். 1000-ஐ π-ஆல் வகுத்தால் 318 வரும். ஆகவே மெஷின் பக்கத்தில் நிற்கும்போது 318-ஐ வெட்டு வேகத்தால் பெருக்கி விட்டத்தால் வகுத்தால் போதும். சுவரில் சோக்கால் எழுதிப் போடக்கூடிய கணக்கு.

பட்டறையில் என்னோடு நிற்கும் தம்பி கணக்கைக் கேட்டுவிட்டு, "அண்ணே, தகட்டுல 660 இருக்கே, சரியாப் பொருந்துது" என்றான். தகட்டில் பொருந்துகிறது, கட்டரில் ஓடப்போவது 550. அப்போது உண்மையான வெட்டு வேகம் என்ன என்று திருப்பிப் போட வேண்டும்:

```
Vc = π × D × n / 1000
Vc = 3.1416 × 12 × 550 / 1000 = 20.7
```

நிமிடத்துக்கு 20.7 மீட்டர். இன்னும் 20-க்கும் 30-க்கும் இடையில்தான் இருக்கிறது. அடுத்த படிக்கு ஏறினால் 930 சுற்று, 35 மீட்டர். அது எச்எஸ்எஸ்ஸுக்கு மைல்ட் ஸ்டீலில் கூடுதல். நடுவில் படி இல்லை. எச்எஸ்எஸ் என்றால் கீழே உள்ள படியை எடுப்பதே சரி. அதற்குக் காரணம் டெய்லர் என்ற அமெரிக்க எஞ்சினியர் 1906-இல் வெளியிட்ட கட்டர் ஆயுள் விதியில் இருக்கிறது. எச்எஸ்எஸ்ஸுக்கு அதைப் போட்டால், வெட்டு வேகம் 20 சதவீதம் கூடும்போது கட்டரின் ஆயுள் ஏறத்தாழ கால் பங்காகக் குறைகிறது. 25-க்குப் பதிலாக 20.7-இல் ஓட்டியதால் நேரத்தில் இழந்தது கொஞ்சம், கட்டரில் மிஞ்சியது நிறைய.

வேலை முகம் வெட்டுவதில் தொடங்கியது. அதற்கு 63 மி.மீ. விட்டத்தில், நான்கு கார்பைட் இன்சர்ட் பூட்டும் முகக் கட்டர். கார்பைட் சூட்டைத் தாங்கும், மைல்ட் ஸ்டீலில் நிமிடத்துக்கு 150 மீட்டரில் ஓடுவது அதற்கு இயல்பு. 318-ஐ 150-ஆல் பெருக்கி 63-ஆல் வகுத்தால் 757 சுற்று. படிகளைப் பார்த்தால் 550 அல்லது 930. 550-இல் வெட்டு வேகம் 109 மீட்டர், 930-இல் 184. இரண்டும் ஓடக்கூடியவை. எங்கள் தலை பழையது, அதிர்வு குறைவாக இருக்கட்டும் என்று 550-ஐ எடுத்தேன்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. பெல்ட்டைத் தொடாமல் ஒரே படியிலேயே 63 மி.மீ. கட்டரின் நுனி 109 மீட்டரிலும் 12 மி.மீ. கட்டரின் நுனி 20.7 மீட்டரிலும் ஓடுகிறது. ஒன்று கார்பைட்டுக்குப் பொருந்துகிறது, மற்றது எச்எஸ்எஸ்ஸுக்கு. சுற்று வேகத்தை மட்டும் பார்த்து 'இது மெதுவான வேகம்' என்றோ 'இது வேகமான வேகம்' என்றோ சொல்ல முடியாது. எந்த விட்டம் சுற்றுகிறது என்று தெரிந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் வருகிறது.

முகக் கட்டருக்கு ஃபீட், ஒரு பல்லுக்கு 0.12 மி.மீ. என்று எடுத்தோம். 550 சுற்று, நான்கு பல், நிமிடத்துக்கு 264 மி.மீ. ஆழம் முழு 1 மி.மீட்டரையும் ஒரே தடவையில் எடுத்தோம். சூட்டில் உருட்டிய தகட்டின் மேல் கறுப்புச் செதில் கடினமானது. 0.2, 0.3 என்று மேலோட்டமாகப் போனால் இன்சர்ட்டின் நுனி அந்தச் செதிலுக்குள்ளேயே உரசிக்கொண்டு போகும். ஒரேயடியாக அதற்குக் கீழே இறங்கிவிட்டால் நுனி நல்ல இரும்பில் வெட்டும். தண்ணீர் எண்ணெய் விடவில்லை. சீவல் வைக்கோல் நிறத்தில் தொடங்கி இலேசான நீலத்தில் விழுந்தது. கார்பைட்டில் அந்த நீலம் பிரச்சினை இல்லை, சூடு சீவலோடு போய்விடுகிறது என்றுதான் பொருள். அதே நீலம் எச்எஸ்எஸ்ஸில் வந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

அடுத்து நீள்துளை. 12 மி.மீ. இரண்டு பல் ஸ்லொட் டிரில். இரண்டு பல் என்பதால் சீவல் தங்கி வெளியேற இடம் அதிகம். முழு அகலக் குழியில் அது தேவை. நான்கு பல் கட்டரை அங்கே விட்டால் சீவல் பள்ளத்துக்குள் நெரிந்து பல்லைத் தட்டும். துளையின் ஒரு முனையில் 11 மி.மீ. டிரில்லால் முன்கூட்டியே ஓட்டை போட்டுக்கொண்டோம், கட்டர் நேரே இறங்க வேண்டியதில்லை.

ஃபீட் கணக்கு இன்னும் எளிது:

```
vf = n × z × fz
vf = 550 × 2 × 0.05 = 55
```

இங்கே vf டேபிள் நகரும் வேகம், z பற்களின் எண்ணிக்கை. fz என்பது ஒரு பல் தன் முறை வரும்போது எவ்வளவு முன்னால் கடிக்கிறது என்பது. 12 மி.மீ. எச்எஸ்எஸ் கட்டருக்கு மைல்ட் ஸ்டீலில் 0.05 மி.மீ. நல்ல அளவு. ஆக டேபிள் நிமிடத்துக்கு 55 மி.மீ. நகர வேண்டும்.

இங்கேதான் தகட்டின் 660 திரும்ப வந்து தொந்தரவு கொடுக்கும். 660 என்று நம்பி ஃபீட் போட்டிருந்தால் 66 மி.மீ. வரும். ஆனால் கட்டர் 550-இல்தான் சுற்றும், ஆகவே ஒரு பல்லுக்கு 0.06 விழும். இந்த வேலையில் அது கட்டரை உடைக்காது. சின்னக் கட்டரிலோ கடின இரும்பிலோ உடைக்கலாம். படியை மாற்றினால் ஃபீடையும் அந்தப் புதிய சுற்றுக்கே மறுபடி கணக்கிட வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே விட்டால் பல்லின் கடி மாறிவிடுகிறது, நாம் அதைக் கண்ணால் பார்ப்பதில்லை.

எங்கள் டேபிளில் பிறகு பூட்டிய பவர் ஃபீட் இருக்கிறது. அதன் குமிழைச் சுற்றி 0 முதல் 10 வரை கோடுகள். அவை எந்த அளவும் இல்லை, வெறும் கோடுகள். கடிகாரத்தால்தான் அதற்கு உயிர் கொடுக்க வேண்டும். டேபிள் ஸ்குரூ ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்துகிறது. குமிழை ஒவ்வொரு கோட்டிலும் வைத்து, டேபிள் 100 மி.மீ. போக எத்தனை செக்கன் எடுக்கிறது என்று போனில் பார்த்து எழுதினோம். 6000-ஐ அந்தச் செக்கனால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை மி.மீ. என்று வந்துவிடும். 55 வேண்டுமானால் 100 மி.மீட்டருக்கு 109 செக்கன். 264 வேண்டுமானால் 23 செக்கனுக்குச் சற்றுக் குறைவு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சுமையில்லாமல் டேபிளை ஓட்டி எடுத்த அளவு வெட்டும்போது அப்படியே நிற்காது. மெதுவான வேகத்தில் அந்தச் சின்ன மோட்டர் சுமை பட்டதும் தளரும். நீள்துளையில் கட்டரின் நடு 46 மி.மீ. நகர வேண்டும் (60-இலிருந்து 14 போக). 55-இல் அது 50 செக்கன் எடுக்க வேண்டும். முதல் வெட்டில் கடிகாரம் 58 காட்டியது. அப்படியானால் உண்மையில் ஓடியது நிமிடத்துக்கு 48-க்கும் குறைவு, ஒரு பல்லுக்கு 0.043. குமிழைக் கொஞ்சம் கூட்டி அடுத்த வெட்டில் 51 செக்கனுக்குக் கொண்டுவந்தோம். வெட்டும்போது எடுக்கும் நேரம்தான் கடைசி அளவு.

பவர் ஃபீட் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. 5 மி.மீ. ஸ்குரூ என்றால் நிமிடத்துக்கு 55 மி.மீ. என்பது 11 சுற்று. கைச்சக்கரம் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற ஐந்தரை செக்கன். சுவர்க் கடிகாரத்தின் முள்ளைப் பார்த்துச் சில முறை சுற்றிப் பழகினால் கைக்கு அந்த வேகம் பிடிபட்டுவிடும்.

ஆழம் ஒரு தடவைக்கு 4 மி.மீ. முகம் எடுத்த பிறகு தகடு 15 மி.மீ., ஆகவே ஒவ்வொரு துளைக்கும் நான்கு ஓட்டம். கரையும் எண்ணெய்க் கலவை தாராளமாக விட்டோம். சீவல் நகத்தைக் கத்தரித்த துண்டு போல வளைந்து, வெள்ளி நிறமாக, ஒரே அளவில் விழுந்தது. கலவை பட்ட இடத்தில் புகை இல்லை.

தம்பி ஒரு சீவலை எடுத்து மைக்ரோமீட்டரில் பிடித்தான். "அண்ணே, 0.05 கொடுத்தோம், இது 0.13 காட்டுது." கேள்வி நல்ல கேள்வி. சீவல் இரும்பிலிருந்து பிரியும்போது நெரிந்து குட்டையாகித் தடிக்கிறது. மைல்ட் ஸ்டீலில் வெட்டுவதற்கு முன் இருந்த தடிமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆவது வழக்கம். அதனால் சீவலை அளந்து ஃபீட் கூடிவிட்டது என்று முடிவு செய்யக்கூடாது. சீவலில் பார்க்க வேண்டியது வடிவமும் நிறமும் ஒரே மாதிரி வருகிறதா என்பதும்தான்.

எங்கள் தெருவில் பல பட்டறைகளில் கேட்கும் பேச்சு ஒன்று: 'சந்தேகமாக இருந்தால் ஃபீடை மெதுவாகக் கொடு.' கேட்கப் பாதுகாப்பாகத் தெரிகிறது. ஆனால் சுற்று வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஃபீடை மட்டும் பாதியைவிடக் கீழே இறக்கினால் நடப்பது வேறு. எந்தப் பல்லின் நுனியும் உண்மையில் முழுக் கூர்மை இல்லை. அதற்கு ஒரு நுண்ணிய உருளல் இருக்கும், தேயத் தேய அது பெரிதாகும். கடி அந்த உருளலின் அளவுக்குக் கிட்ட வந்துவிட்டால் பல் இரும்பை வெட்டாது, அழுத்தித் தேய்க்கும். தேய்த்த இடம் சூடாகும், இரும்பின் மேற்பரப்பு கடினமாகும், அடுத்த பல் அந்தக் கடினத்தின் மேல் வந்து மோதும். வெளியே வருவது சீவலாக இருக்காது, தூளாக இருக்கும். ஒரு மெல்லிய கீச்சுச் சத்தமும் கேட்கும். கட்டரைக் கழற்றிப் பார்த்தால் மூலை நுனியில் வெள்ளைக் கோடு போல ஒரு பளபளப்பு இருக்கும். மெதுவாக ஓட்டியும் கட்டர் மழுங்குகிறதே என்று கேட்பவர்களில் பலருக்கும் காரணம் இதுதான்.

கட்டர் எவ்வளவு நேராகச் சுற்றுகிறது என்பதும் இதோடு சேரும். கொலெட்டில் பிடித்த கட்டரை டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தால் எங்களிடம் 0.03 மி.மீ. ஆட்டம் இருந்தது. பழைய கொலெட்டில் இது அசாதாரணமில்லை. இரண்டு பல் கட்டரில் இதன் பொருள், ஒரு பல் மற்றதைவிட 0.03 வெளியே நிற்கிறது என்பது. 0.05 ஃபீட் கொடுத்தால் வெளியே நிற்கும் பல் 0.08 கடிக்கிறது, உள்ளே இருக்கும் பல் 0.02. சராசரி 0.05 தான், ஆனால் இரண்டு பற்களின் வாழ்க்கையும் வேறு. இதே கட்டரில் ஃபீடை 0.02-க்கு இறக்கினால் உள்ளே இருக்கும் பல்லுக்கு வெட்ட ஒன்றுமே மிஞ்சாது, வெளியே நிற்கும் பல்லே எல்லா வேலையையும் செய்யும். கொலெட்டின் உட்புறத்தையும் ஸ்பிண்டில் கூம்பையும் துணியால் துடைத்து, கட்டரைக் கால் சுற்றுத் திருப்பிப் பிடித்ததும் ஆட்டம் 0.015-க்கு வந்தது. ஃபீட் கணக்கில் நுணுக்கம் பார்ப்பதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் சூத்திரம் எல்லாப் பல்லும் சமமாக வெட்டுகிறது என்றே எடுத்துக்கொள்கிறது.

குழி 12 மி.மீ. அகலத்தில் கீழே வரை போன பின், இரு பக்கமும் 1 மி.மீ. சீவி 14-க்கு விரிக்க வேண்டும். இதற்கு 12 மி.மீ. நான்கு பல் என்ட் மில். இப்போது பக்கத்தில் மெல்லிய வெட்டு என்பதால் சீவலுக்கு இடம் தாராளம், பல் அதிகம் இருந்தால் நல்லது. சுற்று அதே 550.

ஃபீட் மட்டும் வேறு கணக்கு. முழு அகலக் குழியில் பல் கட்டரின் நடுக்கோட்டுக்கு வரும்போது, கொடுத்த 0.05-ஐ முழுவதுமாகக் கடிக்கிறது. பக்கத்தில் 1 மி.மீ. மட்டும் சீவும்போது பல் அந்த நடு இடத்துக்கு வருவதே இல்லை. ஓரத்தில் தொட்டு உடனே வெளியேறுகிறது. அங்கே சீவலின் அதிகபட்சத் தடிமன் கொடுத்த ஃபீடைவிட மெல்லியது. எவ்வளவு மெல்லியது என்பதற்கு இது:

```
h = fz × 2 × √( (ae/D) − (ae/D)² )
ae = 1, D = 12  →  h = fz × 0.55
```

h என்பது அந்த அதிகபட்சத் தடிமன், ae என்பது பக்கத்தில் எடுக்கும் அகலம். 0.05 கொடுத்தால் உண்மையில் சீவல் 0.028 தான். 0.05 தடிமன் வேண்டுமானால் ஒரு பல்லுக்கு 0.09 கொடுக்க வேண்டும். 550 சுற்று, நான்கு பல், 0.09 என்றால் நிமிடத்துக்கு 198 மி.மீ. குழி வெட்டிய 55-ஐப் போல மூன்றரை மடங்கு. எண்ணைப் பார்த்ததும் தம்பிக்கு நம்பிக்கை வரவில்லை. முதலில் 110-இல் ஒரு பக்கம் ஓட்டச் சொன்னேன், அது திருத்தம் செய்யாத 0.05 கணக்கு. வெட்டியது, ஆனால் சத்தம் மெல்லிய சீறலாக இருந்தது, சீவல் ஊசித் தூள் போல் விழுந்தது. அடுத்த பக்கம் 198. சத்தம் கனத்து ஒரே சீராக வந்தது, சீவல் சிறிய வளைந்த துண்டுகளாக விழுந்தது, சுவர் முதல் பக்கத்தைவிடச் சுத்தமாக இருந்தது. கையை டேபிள் மேல் வைத்தால் அதிர்வும் குறைந்திருந்தது.

எங்கள் டேபிள் ஸ்குரூவில் தேய்மானத் தளர்ச்சி உண்டு. அதனால் பல் டேபிளை இழுத்துக்கொள்ளாத திசையில், அதாவது பல்லின் ஓட்டத்துக்கு எதிராக வேலைத் துண்டு வரும்படிதான் ஓட்டுகிறோம். இந்தத் திசையில் ஒவ்வொரு பல்லும் பூச்சியத் தடிமனில் தொடங்கிப் பிறகுதான் உள்ளே போகிறது. தொடக்கத்தில் எப்படியும் கொஞ்சம் தேய்க்கும். ஃபீடும் மெலிந்திருந்தால் அந்தத் தேய்ப்பே பெரும்பங்காகிவிடும். பழைய மெஷினில் பக்கச் சீவலுக்குத் துணிந்து ஃபீட் கொடுக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் 198-ஐத் துளையின் முனை வரை அப்படியே கொண்டுபோகக் கூடாது. முனைக்கு வந்ததும் பக்கத்துச் சுவரோடு முன்சுவரும் சேர்ந்துகொள்கிறது. கட்டரைச் சுற்றி வெட்டும் பகுதி திடீரென்று பெரிதாகிறது, சீவல் மெலியும் என்ற கணக்கு அங்கே பொருந்தாது. ஒரு பல்லுக்கு 0.09 என்பது அங்கே உண்மையிலேயே 0.09-ஐ நெருங்கும், அதுவும் 15 மி.மீ. ஆழத்தில். கட்டர் வளையும், மூலையில் அதிர்வுக் கோடு விழும். ஆகவே கடைசி 5 மி.மீட்டருக்கு முன் பவர் ஃபீடை விலக்கி, மிச்சத்தைக் கைச்சக்கரத்தால் மெதுவாகக் கொண்டுபோனோம்.

நான்கு துளையும் முடிந்தபின் இரண்டு கட்டரையும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். ஸ்லொட் டிரில்லின் ஒரு பல்லில் மூலை இலேசாக மங்கியிருந்தது, மற்றது புதிது போலவே இருந்தது. மிச்சமிருந்த 0.015 ஆட்டத்தின் வேலை அது. என்ட் மில்லில் நான்கும் ஒரே மாதிரி.

பேஸை எடுக்க வந்த ஆலைக்காரர், எண்ணெய் சிந்தும் இடத்துக்கு இதே அளவில் சின்ன எவர்சில்வர் தகட்டிலும் இரண்டு துளை வேண்டும் என்று 304 துண்டு ஒன்றைக் கொடுத்தார். 304-இல் தேய்ப்பு இன்னும் ஆபத்து. அது வெட்டும்போதே கடினமாகும் இரும்பு. ஒரு தடவை தேய்த்துவிட்டால் அடுத்த பல்லுக்கு எதிரே வேறு உலோகம் நிற்கும். கோபால்ட் கலந்த எச்எஸ்எஸ்ஸுக்கு நிமிடத்துக்கு 15 மீட்டர் என்று வைத்தால், 12 மி.மீ. கட்டருக்கு 398 சுற்று வேண்டும். எங்களிடம் இருப்பது 271-உம் 550-உம். 550-இல் 20.7 மீட்டர், 304-க்குக் கூடுதல். 271-இல் 10.2 மீட்டர், ஓடும், ஆனால் நேரம் இழுக்கும்.

இப்படிப் பெல்ட் படி பொருந்தாதபோது சூத்திரத்தின் மறுபக்கத்தைப் பிடிக்கலாம். சுற்றை மாற்ற முடியாவிட்டால் விட்டத்தை மாற்றலாம். 8 மி.மீ. கோபால்ட் ஸ்லொட் டிரில் 550-இல் 13.8 மீட்டரில் ஓடுகிறது, 15-க்கு மிக அருகில். துளை 14 அகலம் என்பதால் 8 மி.மீ. கட்டரால் முதலில் நடுவில் ஒரு ஓட்டம், பிறகு இரு பக்கமும் 3 மி.மீ. ஒதுங்கி ஒவ்வொரு ஓட்டம். ஒரு பல்லுக்கு 0.03, இரண்டு பல், நிமிடத்துக்கு 33 மி.மீ.; கையால் என்றால் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒன்பது செக்கன். ஆழம் ஒரு தடவைக்கு 2 மி.மீ. 304-இல் ஃபீட் நடுவில் நிற்கக்கூடாது. நிறுத்த வேண்டியிருந்தால் கட்டரை முதலில் வெட்டிலிருந்து பின்வாங்கிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும், நின்ற இடத்தில் சுற்றவிட்டால் அந்த இடமே கடினமாகிவிடும். தம்பி ஒரு அட்டையில் 550-இன் கீழ் இரண்டாவது வரியாக '8 மி.மீ., 304, 33' என்று எழுதி மெஷின் தலையில், அந்த 60 ஹெர்ட்ஸ் தகட்டின் பக்கத்தில் ஒட்டினான்.